புதியவரை அறிமுகப்படுத்தும் மின்னஞ்சல்: பிரிவுத் தலைவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் தலைமை அலுவலகம் திருகோணமலை நகரில் இருக்கிறது. கிளைகள் மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கின்றன. யாராவது புதிதாகச் சேரும்போது அறிமுக மின்னஞ்சலை அந்தப் பிரிவின் தலைவர் எழுதுவார், நிர்வாகப் பிரிவில் நான் அதைப் பார்த்து அனுப்புவேன். வரும் வரைவுகளில் பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். உதாரணத்துக்கு, கணக்குப் பிரிவில் சேர்ந்த உத்தியோகத்தர் ஒருவரின் மின்னஞ்சலையே எடுத்திருக்கிறேன். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆளைத் தெரிவு செய்தாயிற்று. இன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பிவிடலாமா?

அனுப்ப வேண்டாம். நியமனக் கடிதத்தில் அவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும்; பழைய இடத்தில் தன் விலகல் கடிதத்தையும் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இது சின்ன ஊர். மத்திய வீதியில் புறப்பட்ட செய்தி உவர்மலை ஏறுவதற்குள் பழைய முகாமையாளரின் காதுக்குப் போய்விடும். தான் சொல்வதற்கு முன்னர் செய்தி அங்கே போய்விட்டால், புதியவர் எங்களிடம் சேர்வதற்கு முன்னரே எங்களால் ஒரு மனக்கசப்பைச் சம்பாதித்துக்கொள்வார்.

திங்கட்கிழமை சேர்கிறார் என்றால், முந்திய வியாழக்கிழமை காலையில் அனுப்புவது வசதி. வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கள உத்தியோகத்தர்கள் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அன்று போன மின்னஞ்சல் திங்கட்கிழமை மற்ற மின்னஞ்சல்களின் அடியில் கிடக்கும். இரண்டு வாரம் முன்னதாக அனுப்பினாலும் பயனில்லை. ஆள் வரும்போது யாருக்கும் நினைவிருக்காது.

யாருடைய பெயரில் போக வேண்டும்?

அவர் யாரிடம் வேலை செய்யப்போகிறாரோ அவருடைய பெயரில். நிர்வாகப் பிரிவின் பெயரில் போனால் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

பின்னணி என்று எவ்வளவு எழுதலாம்? சுயவிபரக்கோவையை அப்படியே இணைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே?

சுயவிபரக்கோவையை ஒருபோதும் இணைக்காதீர்கள். அதில் தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பிறந்த தினம் தானாகத் தெரிந்துவிடும். 12 இலக்கம் கொண்ட புதிய அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். வீட்டு முகவரி, கணவரின் பெயர், பரிந்துரைப்பவர்களின் தொலைபேசி எண் எல்லாம் அதே தாளில் இருக்கும். வேலை கேட்பதற்காக அவர் எங்களிடம் தந்த தாள் அது; முப்பது பேரின் கைபேசிக்குப் போவதற்குத் தந்ததல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம் பற்றிய விபரங்களைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் கவனம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பண்பு என்று ஒன்று இருக்கிறது.

எழுத வேண்டியதைத் தெரிவு செய்ய எளிய வழி, ஒவ்வொரு வரியைப் பற்றியும் “இதைத் தெரிந்துகொண்டு சக ஊழியர் என்ன செய்வார்?” என்று கேட்பதுதான். “மட்டக்களப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவர், கடன் மீளளிப்புப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவம் உள்ளவர்” என்று எழுதினால், குச்சவெளிக் கிளையில் இன்னும் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறவருக்கு யாரைக் கேட்கலாம் என்பது தெரிந்துவிடும். “கணக்கியலில் இளமாணிப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேல்நிலை” என்பதை வைத்து யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. அது நேர்முகத் தேர்வுக் குழுவுக்கு உரியது.

ஊரின் பெயரை அவர் விரும்பினால் மட்டும் எழுதுங்கள். ஊர் பேர் தெரிந்தால் நம்மவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள், அதற்கடுத்து என்ன கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். திருமணமானவரா, எத்தனை பிள்ளைகள், இடம்பெயர்ந்து எங்கே இருந்தார் என்பவையும் அப்படியே. வேலையில் இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டாம்; அந்த இரண்டு ஆண்டைக் குறிப்பிடவே வேண்டாம்.

எழுதி முடித்ததும் அந்தப் பந்தியை அவருக்கு அனுப்பிக் காட்டுங்கள். இந்தக் கணக்கு உத்தியோகத்தருக்கு அனுப்பியபோது, “சிங்களமும் நன்றாகத் தெரிந்தவர்” என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார். பேசுவார், ஆனால் வாசிப்பது மெதுவாகத்தான். அந்த வரி அப்படியே போயிருந்தால் கந்தளாய்க் கடைகளின் பற்றுச்சீட்டெல்லாம் முதல் வாரமே அவருடைய மேசைக்கு வந்திருக்கும்.

“அனைவரும் தங்கள் பூரண ஒத்துழைப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று போட்டால் போதாதா?

அந்த வரியைப் படித்துவிட்டு யாராவது எழுந்துபோய் ஏதாவது செய்ததை நான் பார்த்ததில்லை. ஒத்துழைப்பு என்றால் மூதூரில் இருக்கிற சாரதிக்கு ஒன்று, கொள்வனவு உத்தியோகத்தருக்கு வேறொன்று. யார், எதை, எந்த நாளிலிருந்து செய்ய வேண்டும் என்று எழுதினால்தான் அது உதவியாகும். மின்னஞ்சலில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய பகுதி இதுதான். பின்னணிக்கு ஐந்து வரி என்றால் இதற்குப் பத்து வரி கொடுங்கள்.

எழுதுவதற்கு முன்னர் புதியவருடனும், அந்த வேலையை இதுவரை பார்த்தவருடனும் அரை மணி நேரம் உட்காருங்கள். மூன்று விடயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, இந்த மேசைக்கு யாரிடமிருந்து என்ன வருகிறது என்பது. கணக்குப் பிரிவின் கதையில், கள உத்தியோகத்தர்களின் பயணப்படிக் கோரிக்கை, கொள்வனவுப் பற்றுச்சீட்டு, முற்பணம் தீர்க்கும் படிவம் ஆகிய மூன்றும்தான் வருகிற தாள்களில் பெரும்பகுதி. ஆகவே “உதவி” என்பது, இந்த மூன்றையும் சரியான நாளில், சரியான ஆளுக்கு, குறையில்லாமல் அனுப்புவதுதான்.

இரண்டாவது, முதல் இரண்டு வாரத்தில் அவருக்கு எது கடினமாக இருக்கும் என்பது. அவரே சொன்னது சிங்களப் பற்றுச்சீட்டு. அதற்காக, கந்தளாய்ப் பக்கம் பொருள் வாங்குகிறவர்கள் பற்றுச்சீட்டின் ஓரத்தில் பொருளின் பெயரைத் தமிழில் பென்சிலால் எழுதித் தர வேண்டும் என்று கேட்டோம். கொள்வனவு உத்தியோகத்தருக்கு அது ஒரு நிமிட வேலை. கேட்காமல் விட்டிருந்தால், ஒவ்வொரு தாளுக்கும் அவர் பக்கத்து மேசைக்கு எழுந்துபோக வேண்டியிருந்திருக்கும். இப்படிப்பட்ட சின்ன வேண்டுகோளுக்குத்தான் ஆட்கள் உண்மையில் செவிசாய்க்கிறார்கள்.

மூன்றாவது, அவரால் இன்னும் செய்ய முடியாதது என்ன என்பது. இதை யாரும் எழுதுவதில்லை. முதல் வாரத்துக் குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது. கணக்கு உத்தியோகத்தர் வந்துவிட்டார் என்றதும் காசோலையில் அவர் கையொப்பமிடுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். வங்கியில் கையொப்பமிடுபவரை மாற்றுவதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும், மாதிரிக் கையொப்பம் கொடுக்க வேண்டும், வங்கி அதை ஏற்றுப் பதிந்துகொள்ள வேண்டும். அதுவரை அவர் காசோலையை எழுதலாம், கையொப்பமிட முடியாது. “காசோலை பற்றி முன்போலவே நிதி முகாமையாளரிடம் கேளுங்கள்” என்று ஒரு வரி போட்டுவிட்டால், பணம் தாமதமாகிறது என்று யாரும் புதியவரின் முகத்தில் கோபத்தைக் காட்ட மாட்டார்கள்.

எழுதி முடித்த மின்னஞ்சல் ஒன்றைக் காட்ட முடியுமா?

கணக்கு உத்தியோகத்தரை அறிமுகப்படுத்தி எல்லோருக்கும் போனது ஏறக்குறைய இதுதான். தலைப்பில் ஆளின் பெயர், வேலை, நாள் மூன்றும் இருந்தன. “அறிமுகம்” என்று மட்டும் போட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.

> தலைப்பு: கணக்கு உத்தியோகத்தர் திருமதி ……… – 1ஆம் திகதி திங்கள் முதல்
>
> அன்புள்ள நண்பர்களுக்கு,
>
> திருமதி ……… 1ஆம் திகதி திங்கட்கிழமை கணக்கு உத்தியோகத்தராக எங்களுடன் இணைகிறார். நகர அலுவலகத்தில், கணக்குப் பிரிவின் சன்னல் பக்க மேசையில் இருப்பார். என்னிடம் வேலை செய்வார்.
>
> மட்டக்களப்பில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். கையால் எழுதிய கடன் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு. குச்சவெளிக் கிளையின் பதிவேடுகளை அவருடன் சேர்ந்து பார்க்கலாம் என்று எண்ணியிருக்கிறோம்.
>
> பயணப்படி, கொள்வனவுப் பற்றுச்சீட்டு, முற்பணம் தீர்த்தல் மூன்றும் 1ஆம் திகதி முதல் அவருக்கு வர வேண்டும். அதற்கு முன்னர் அனுப்பியவற்றை நானே முடித்துவிடுவேன். மறுபடி அனுப்ப வேண்டாம்.
>
> கள உத்தியோகத்தர்களுக்கு: மோட்டார் சைக்கிளின் ஆரம்ப, இறுதி மீற்றர் அளவுகளை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். மாத இறுதியில் மொத்தமாக எழுதினால் அவரால் சரிபார்க்க முடியாது.
>
> கொள்வனவுப் பிரிவுக்கு: சிங்களத்தில் உள்ள பற்றுச்சீட்டின் ஓரத்தில் பொருளின் பெயரைத் தமிழில் பென்சிலால் குறித்துத் தாருங்கள்.
>
> காசோலையில் கையொப்பமிடும் அதிகாரம் அவருக்கு இன்னும் இல்லை. அது பற்றி என்னிடமே கேளுங்கள். அவருக்கு அதிகாரம் கிடைத்ததும் அறிவிப்பேன்.
>
> 3ஆம் திகதி புதன்கிழமை மூதூர்க் கிளைக்கு வருகிறார். அன்று காலை பத்து மணிக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கிவைத்து, தீர்க்காத முற்பணப் படிவங்களை எடுத்துவையுங்கள்.
>
> நிதி முகாமையாளர்

புகழ்ச்சி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். “திறமைமிக்க”, “பன்முக ஆளுமை” என்றெல்லாம் எழுதினால், அவர் வந்து முதல் கூட்டுத்தொகையில் தடுமாறும்போது அந்தச் சொற்களை யாராவது நினைவுபடுத்துவார்கள்.

எங்கள் பிரிவிலேயே ஒருவர் அந்தப் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார், கிடைக்கவில்லை. மின்னஞ்சலில் எப்படிச் சமாளிப்பது?

மின்னஞ்சலில் சமாளிக்க முடியாது. அது போவதற்கு ஒரு நாளாவது முன்னர், கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். யார் வருகிறார், எப்போது வருகிறார், அவருடைய வேலையில் என்ன மாறுகிறது, என்ன மாறாது என்பதையெல்லாம் சொல்லுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கைபேசியில் படித்துத் தெரிந்துகொண்டால், அந்த அவமானம் நீண்ட நாள் தங்கும். அதைச் சுமக்கப் போகிறவர் ஒரு தவறும் செய்யாத புதியவர்தான்.

மின்னஞ்சலில் பார்த்து எழுத வேண்டியது இரண்டு. “ஏராளமான விண்ணப்பதாரிகளில் மிகச் சிறந்தவராகத் தெரிவானார்” போன்ற வரியை வெட்டுங்கள். அது ஒருவரை மட்டும் குத்தும். அடுத்தது, அந்த ஊழியரைப் புதியவருக்கு வழிகாட்டியாகப் போட வேண்டும் என்று தோன்றினால், முதலில் அவரைக் கேளுங்கள். சிலர் அதை மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். சிலருக்கு அது வெந்த புண்ணில் வேல்.

முன்பு இருந்தவரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?

அவர் பார்த்த வேலை யாருக்குப் போகிறது என்பதை மட்டும். ஏன் போனார் என்பது இந்த மின்னஞ்சலின் வேலையல்ல. அவருக்கு நன்றி சொல்வதற்கு வேறு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒன்றிலேயே இரண்டையும் போட்டால், வந்தவரைப் போனவரோடு ஒப்பிடுவதற்கு நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? சிங்களம் பேசுகிறவர்களும் இருக்கிறார்களே.

ஒரே மின்னஞ்சலில் தமிழ், சிங்களம் இரண்டும் இருக்கட்டும்; ஒன்றின் கீழ் ஒன்றாக. வேண்டுகோள்கள் இரண்டிலும் முழுமையாக இருக்க வேண்டும். பின்னணியைச் சிங்களத்தில் சுருக்கிவிட்டாலும் பரவாயில்லை, பென்சிலால் எழுதித் தரும்படி கேட்கும் வரியைச் சுருக்கக் கூடாது. அந்தப் பற்றுச்சீட்டை வாங்குகிறவர் சிங்களப் பகுதியைத்தான் படிக்கப்போகிறார்.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னும் சிலர் பாமினியில் தட்டச்சு செய்து, அதை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டுகிறார்கள். உங்கள் கணினியில் அது தமிழாகத் தெரியும். பாமினி இல்லாத கைபேசியில் “வணக்கம்” இப்படி வரும்:

```
tzf;fk;
```

எங்கள் கள உத்தியோகத்தர்கள் எல்லோரும் கைபேசியில்தான் படிக்கிறார்கள். ஆகவே யூனிகோடில் எழுதுங்கள். பழைய கோப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் யூனிகோடுக்கு மாற்றி, உங்கள் கைபேசிக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டுத் தாருங்கள். புதியவரின் பெயரே எழுத்துக் குப்பையாக வருவது நல்ல வரவேற்பல்ல.

சாரதிகளும் காவலாளிகளும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. அவர்களுக்கு?

புதியவரை முதலில் பார்க்கப்போகிறவரே வாசலில் இருக்கிற காவலாளிதான். பெயரும் வருகிற நேரமும் அவருக்குத் தெரியாவிட்டால், முதல் நாளே அவரை வெயிலில் நிறுத்தி “யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்பார். மின்னஞ்சல் போகிற அதே நாளில் பிரிவுத் தலைவர் வாசலுக்கு நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். புதன்கிழமை மூதூர்ப் பயணத்துக்குப் போகும் சாரதிக்கு, எங்கே ஏற்ற வேண்டும் என்பதும் கிண்ணியாப் பாலம் வழியாகப் போய்வரும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போடலாம். ஆனால் அங்கே அவருடைய கைபேசி எண்ணைப் போடாதீர்கள். அந்தக் குழுவில் வெளி ஆட்களும் இருக்கிறார்கள்.

எப்படிக் கூப்பிடுவது? மிஸ்ஸா, அக்காவா?

அவரிடமே கேளுங்கள். இந்த உத்தியோகத்தர் தலைமை அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும் என்றார். மூதூர்க் கிளையில் இளையவர்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதை எந்த மின்னஞ்சலாலும் மாற்ற முடியாது, மாற்றத் தேவையும் இல்லை.

பணம் கையாளும் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆம். புதிய கணக்கு உத்தியோகத்தரை இன்னும் யாருக்கும் குரல் தெரியாது, எழுத்து நடை தெரியாது. அவருடைய பெயரில் பொய் முகவரி ஒன்றைத் தொடங்கி, “நான் புதிதாகச் சேர்ந்தவர், உங்கள் சம்பளக் கணக்கு இலக்கத்தை மறுபடி அனுப்புங்கள்” என்றோ, எங்களுக்குப் பணம் செலுத்துகிறவர்களிடம் “எங்கள் நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்றோ எழுதுகிறவர்களுக்கு இந்த இடைவெளி போதும். அறிமுகச் செய்தியை நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

உள் மின்னஞ்சலில் ஒரு வரி சேர்க்கலாம்: வங்கி விபரங்களை அவர் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ கேட்க மாட்டார், கேட்டால் கணக்குப் பிரிவின் பழைய எண்ணுக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். வந்த செய்தியில் இருக்கிற எண்ணுக்கு எடுத்துக் கேட்பது சரிபார்ப்பாகாது. அங்கே பேசுவதும் அதே ஆளாக இருக்கலாம். அனுப்பியவரின் பெயரை மட்டும் பார்க்காமல், முழு முகவரியையும் தொட்டுப் பாருங்கள். பெயர் எங்களுடையதாகவும் முகவரி இலவச மின்னஞ்சலாகவும் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

எல்லோரும் “வாழ்த்துக்கள்” என்று எல்லோருக்கும் பதில் அனுப்புகிறார்கள். தடுக்க வழி உண்டா?

பெறுநர் பட்டியலை மறைநகலில் போட்டு, புதியவரின் முகவரியை மட்டும் வெளிப்படையாக வைத்தால், “எல்லோருக்கும் பதில்” கொடுத்தாலும் வாழ்த்து அவருக்கும் அனுப்பியவருக்கும் மட்டும்தான் போகும். அலுவலக முகவரி அவருக்குத் திறந்தாயிற்றா என்பதை முதலில் பாருங்கள். திறக்காத முகவரிக்கு அனுப்பினால் எல்லா வாழ்த்தும் திரும்பி வரும்.

மின்னஞ்சல் வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வாரத்தின் முடிவில் அவரிடம், யார் யார் எதற்காக வந்தார்கள் என்று கேளுங்கள். காசோலையில் கையொப்பம் கேட்டு யாராவது வந்திருந்தால், அந்த வரி எடுபடவில்லை. பயணப்படிக் கோரிக்கை இன்னும் பழையவரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தால், நாள் எழுதிய வரியை யாரும் பார்க்கவில்லை. எங்கள் கதையில் மூதூரிலிருந்து வந்த கோரிக்கைகள் அப்படித்தான் போயின. முழு மின்னஞ்சலையும் மறுபடி அனுப்பாமல், அந்த ஒரு விடயத்தை இரண்டு வரியில் மூதூருக்கு மட்டும் அனுப்பினோம். பழைய பெட்டியில் தன்னியக்கப் பதிலும் வைத்தோம். பற்றுச்சீட்டுகளில் பென்சில் எழுத்து வரத் தொடங்கியிருந்தது.

புகைப்படம் கட்டாயமா?

இல்லை. அவர் தந்தால் போடுங்கள். விண்ணப்பத்தோடு வந்த கடவுச்சீட்டுப் படத்தையோ, முகநூலில் கிடைத்ததையோ எடுத்துப் போடாதீர்கள்.